விலை இறங்கினால்

அடம்பன் பாடசாலையில் வணிகக் கணக்கீடு படிப்பித்த எடித், எந்த விதியையும் ஒருமுறை திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். தவணைப் பரீட்சைக்கு வினா எழுதும்போது உடன் ஆசிரியை உம்மு ஸல்மா கேட்டார்: "முதலில் வந்த சரக்கை முதலில் வித்ததாக வைச்சால், சராசரி முறையைவிட மொத்த இலாபம் எப்பவும் கூடத்தானே வரும், ரீச்சர்?"

வினாவில் ஒரு கடைக்காரர் பத்து வலைகளைத் தலா நூறு ரூபாவுக்கும், பிறகு பத்தை நூற்றிருபதுக்கும் வாங்கி, பதினைந்தை நூற்றைம்பதுக்கு விற்றிருந்தார். அந்த முறையில் இலாபம் 650. எல்லா வலைக்கும் ஒரே சராசரி விலை வைக்கும் நிறையேற்றிய சராசரி முறையில் 600.

"விலை இறங்கினால் என்ன வரும்?" எடித் இரண்டு கொள்விலைகளையும் இடம்மாற்றினார். சராசரியில் அதே 600 வந்தது. முதல் முறையில், விலை கூடிய பழைய வலைகளே முதலில் செலவானதால் 550தான் வந்தது.

"அப்ப எப்பவும் இல்லை," என்று உம்மு ஸல்மா சிரித்தார். பிள்ளைகளும் திருப்பிப் பார்க்கட்டும் என்று, இறங்கும் விலையையே இருவரும் வினாவில் வைத்தார்கள்.