ஸ்டார் ஹாஷ் போட்டும் பதில் வராத ஞாயிறுகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத உட்கார்ந்தால் முன்னால் நடந்தது பின்னாலும், பின்னால் நடந்தது முன்னாலும் வந்து நிற்கிறது. சிலது மறந்தும் போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது கர்நாடக எல்லையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் இருந்தோம். இப்போதும் அதே வீடுதான். கீழே இரண்டு அறை, மேலே மொட்டை மாடி. என் வீட்டுக்காரர் கம்பெனியில் ஃபிட்டர். எங்களுக்கு ஒரே மகள். அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலைக் கிராமத்துக்குப் போய்விட்டாள். அவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். என்னைப் பேசாதே என்று சொல்லவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

அவள் ஊரில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து அஞ்செட்டிக்கு வந்து, ஒரு கடையில் இருந்த காசு போடும் போனிலிருந்து பத்து மணிக்குக் கூப்பிடுவாள். ஒரு ரூபாய் போட்டால் ஒரு நிமிடம். மூன்று நான்கு ரூபாய்க்குப் பேசுவோம். நான் அதிகம் பேசமாட்டேன். அவள் சொல்லச் சொல்ல "ம்" கொட்டுவேன். வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு இருப்பேன். பத்து மணி ஆகப்போகிறது என்றால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். மற்ற நாளில் அவர் வெளியில் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் செல்போனுக்கு டவர் சரியாகக் கிடைக்காது. அலமாரியில் வைத்திருந்தபோது ஒரு கோடுதான் காட்டும், பேச்சு விட்டு விட்டுக் கேட்கும். "ஆங்? ஆங்?" என்று நான் கத்துவது அவர் காதில் எப்போதோ விழுந்திருக்க வேண்டும். ஒருநாள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டின் மூலை மூலையாக நடந்தார். வடக்கு ஜன்னல் பக்கம் கோடு முழுதாக வந்தது. அங்கே ஓர் ஆணி அடித்து, துணிப் பை ஒன்றை மாட்டி, போனை அதற்குள் வைத்தார். "இங்கயே இருக்கட்டும், எடுக்காத" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று ஞாயிறு அவள் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் தெளிவாகக் கேட்டது. வயிற்றில் ஆறு மாதம் என்று அவள் சொன்னது அந்த ஜன்னல் பக்கம் நின்றுதான் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை.

உடம்புக்கு என்னவோ என்று ஒரு நினைப்பு. என்மேல் கோபமோ என்று ஒரு நினைப்பு. அந்தக் கடையின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ஒருவேளை போனில் பணம் தீர்ந்திருக்குமோ, நாள் முடிந்திருக்குமோ என்று பார்க்க ஒரு வழி மட்டும் தெரியும். முதலில் நட்சத்திரம், பிறகு இங்கே ரீசார்ஜ் கடைக்காரர் எழுதிக் கொடுத்த எண், கடைசியில் ஹாஷ் என்று வேலி மாதிரி ஒரு குறி, அப்புறம் பச்சைப் பொத்தான். போட்டால் இங்கிலீஷில் நாலு வரி வரும். எழுத்து புரியாது. ஆனால் அதில் பணமும் தேதியும் எண்ணாக இருக்கும், அது புரியும்.

அன்றைக்குப் போட்டேன். எண்ணே இல்லாமல் சின்னதாக ஏதோ வந்தது. நான்தான் தப்பாக அமுக்கிவிட்டேன் என்று மறுபடி போட்டேன். அதே. ஒரு வாரம் போகவர அந்த ஜன்னலில் நின்று போட்டுக்கொண்டே இருந்தேன். யாரிடமாவது கேட்கலாம்தான். வெட்கம். கேட்டால் மகள் கதை வெளியே வரும்.

மூன்றாவது ஞாயிறும் சும்மா போன பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். மதுரைப் பக்கம், கம்பெனி வேலைக்காக இங்கே வந்தவள்.

"பெரியம்மா, 'கனெக்‌ஷன் எரர்'னு வருது. லைன் கிடைக்கலைன்னு அர்த்தம்."

"அஞ்சு கோடும் இருக்குதேம்மா?"

"அதான் எனக்கும் புரியல. எத்தன தடவ போட்டீக?"

எண்ணவில்லை என்று சொன்னேன். "போட்டுப் போட்டு அந்தப் பொத்தானே தேஞ்சு கெடக்கு" என்று சிரித்துவிட்டு, என்னை ரீசார்ஜ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கடைக்காரர் தெலுங்குக்காரர், பாதி தமிழ் பாதி கன்னடம் பேசுவார். வீட்டில் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம், போன் திரையில் மேலே எந்தக் கம்பெனி பேர் காட்டும் என்று கேட்டார். மேலே பேர் மாறியிருந்ததை நான் கவனித்ததே இல்லை.

"அம்மா, உங்க போனு பஸ் ஏறாமலே தினம் கர்நாடகா போய்ட்டு இருக்குது. உங்க ஜன்னல் பக்கம் நம்ம டவர் எட்டல. எட்டலைன்னா அதுவே பக்கத்து டவரைப் பிடிச்சுக்கும். ரோமிங். அங்க நின்னு இந்த ஸ்டார் நம்பரு போட்டா பதில் வராது. வர்ற போனை எடுத்தாலும் காசு பிடிப்பான். காசு தீந்தா வர்ற போனும் வராது."

"அப்ப என் பொண்ணு கூப்ட்டிருந்தா?"

"கூப்ட்டிருப்பா. உங்களுக்கு மணி அடிச்சிருக்காது."

கடைக்காரர் என் போனில் எதையோ மாற்றி, இனி நம்ம டவரை மட்டும் பிடிக்கும், கர்நாடகா பக்கம் போகாது என்றார். அங்கேயே ஸ்டார் போட்டார். நாலு வரி வந்தது. நாள் முடியவில்லை. பணம் இருந்த இடத்தில் சைபர் மாதிரிதான் இருந்தது. ரீசார்ஜ் பண்ணிவிட்டு, "தெற்குப் பக்கமா வைங்க. கோடு கம்மியா இருக்கும், பரவால்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஜன்னல் பக்கம் வேணாமாம், அது கர்நாடகா டவராம்" என்று மட்டும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன வாரம்?" என்று கேட்டார்.

"மூணு."

அதோடு கை கழுவிவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. மறுநாள் வேலைக்குப் போகுமுன் மாடிப்படியில் சுத்தியல் சத்தம் கேட்டது. தெற்குச் சுவரில் இன்னோர் ஆணி.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் டீ குடிக்கப் போகவில்லை. கீழே குழாயடியில் எதையோ கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பத்து தாண்டியது. பத்தரைக்கு மணி அடித்தது.

"அம்மா?" என்றாள். குரல் விட்டு விட்டுத்தான் வந்தது. "ஏம்மா போனு போகவே இல்ல? அப்பா புடுங்கி வெச்சுட்டாருன்னு நெனச்சேன். இன்னிக்கும் போகலைன்னா இனிமே வர வேண்டாம்னு இருந்தேன்."

"இல்ல கண்ணு, டவரு மாறிப்போச்சு. அப்பா..." என்று ஆரம்பித்தேன். ஆணி அடித்தது, நல்லாக் கேட்கட்டும் என்று மூலை மூலையாக நடந்தது, எல்லாம் வாய்வரை வந்தது. கீழே குழாயடியில் சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் காதுபட அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. டொய்ங் டொய்ங் என்று காசு முடியும் சத்தம் வந்தது. அவளிடம் அன்றைக்கு ஒரே காசுதான் இருந்தது போல. அறுந்துவிட்டது.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் பிள்ளைப் பேச்சு வந்தது. அப்புறம் வேறு வேறு பேச்சு. அவர் இறந்துபோன பிறகும் அதை அவளிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

இதில் கடைக்காரர் சொன்னதை நான் சரியாக எழுதியிருக்கிறேனா, மூன்று ஞாயிறா நான்கா என்பதெல்லாம் யாராவது விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்த வேண்டும். ஆணி விஷயத்தை மட்டும் என் மகளே ஒருமுறை நேரில் வந்து சரிபார்க்கட்டும். இரண்டு ஆணியும் இன்னும் சுவரில்தான் இருக்கின்றன.