கல்யாண வீட்டுத் தந்தி

அறவியல் புத்தகம் செங்கல் கனம். ஓர் அத்தியாயத்தைப் படித்து முடிப்பதற்குள் அத்தியாயத்தின் தலை மறந்துவிடும். பரீட்சையிலோ கேள்விக்கு அரைப் பக்கம்தான். அதற்குமேல் எழுதினால் வாத்தியார் படிக்கமாட்டார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முப்பது பக்கத்தை அரைப் பக்கம் ஆக்குவது எப்படி என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எங்கள் மூன்று பேருக்கும் கவலை.

நான் கொடைக்கானலுக்கு மேலே இருக்கிற பூம்பாறைக்காரன். வீட்டில் வெள்ளைப்பூண்டு விவசாயம். பழனிக் கடைவீதியில் எங்கள் பூண்டை வாங்குகிற பாய் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடை மாடியில் ஒரு அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் மகன் என் வகுப்புதான். மூன்றாவது ஆள் ஆயக்குடியிலிருந்து தினமும் சைக்கிளில் வருவான். கொய்யாத் தோப்பு வீட்டுப் பிள்ளை. கொய்யாப்பழ மூட்டையோடு வந்தால்தான் மாடிப்படி ஏற விடுவோம்.

ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு எல்லாக் கொள்கையையும் அதில் உரசிப் பார்க்கலாம் என்பது என் யோசனை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. உதாரணம் இதுதான்: கல்யாண வீடு. முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம். பெண்ணின் தாய்மாமன் வெளியூரில் இறந்துபோனதாகத் தந்தி வருகிறது. கொண்டுவந்த தந்திச் சேவகனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இப்போதே கொடுப்பதா, தாலி ஏறிய பிறகு கொடுப்பதா?

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நாலே வரி. இந்தக் கொள்கை எதை நல்லது என்கிறது? தந்திக்காரனை என்ன செய்யச் சொல்கிறது? ஏன்? எங்கே இடறுகிறது? இந்த நாலையும் தமிழில் பேசி முடித்துவிட்டு இங்கிலீஷில் எழுதிக்கொள்வோம். பரீட்சை இங்கிலீஷில், மண்டைக்குள் இறங்குவது தமிழில். வேறு என்ன செய்ய?

பயன்வாதம் கடைக்காரர் மகனுடைய பங்கு. "எங்கத்தா தராசு மாதிரிலே இது. இந்தத் தட்டுல எம்புட்டுச் சந்தோசம், அந்தத் தட்டுல எம்புட்டு வருத்தம். செத்தவரு செத்தாச்சு. ரெண்டு மணி நேரம் பொறுத்தா யாருக்கு நட்டம்? தந்தி பைக்குள்ளயே கெடக்கட்டும்."

"அப்ப எல்லாத் தந்திக்காரனும் இப்படி உள்ள வச்சுக்கிட்டா?" என்று ஆயக்குடிக்காரன் பாய்வான். கடமைக் கொள்கை அவன் பங்கு. "நீ செய்யுறத எல்லாரும் செய்யலாம்னு சட்டமா வச்சுப் பாரு. அப்புறம் எவன் தந்திய நம்புவான்? விளைவு என்னவும் ஆகட்டும். கொண்டாந்த தந்தியக் குடுக்குறதுதான் அவன் சோலி."

"ஒன் கல்யாணத்துக்கு நான் தந்தியோட வர்றேன், இருடி."

"வாலே, வந்து பாரு."

இப்படித்தான் படித்தோம். தன்னலக் கொள்கையில் தந்திக்காரன் தனக்குக் கிடைக்கப்போகும் கல்யாணச் சாப்பாட்டை மட்டும் பார்ப்பான். உள்ளுணர்வுக் கொள்கையில், சரி எது என்று அவனுக்கு யோசிக்காமலே தெரிந்துவிடும். ஆனால் பக்கத்தில் நிற்கிறவனுக்கு வேறு மாதிரி தெரிந்தால் யார் சொல்வது சரி என்று கேட்டால் அந்தக் கொள்கைக்குப் பதில் கிடையாது. பண்புக் கொள்கை என் பங்கு. அது சட்டம் எதுவும் சொல்லாது, நிதானமுள்ள நல்ல மனிதன் அந்த இடத்தில் என்ன செய்வானோ அதைச் செய் என்று நழுவிவிடும். வாசலில் நின்று கத்தாமலும், பையில் மறைக்காமலும், வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வான் என்று எழுதிவைத்தேன்.

கடமைக் கொள்கையில் இரண்டாவதாக ஒரு பகுதி உண்டு. எந்த மனிதரையும் நம் காரியத்துக்கான வெறும் கருவியாக நடத்தாதே, சுயமாக முடிவெடுக்கிற ஆளாக மதி என்கிற பகுதி. எல்லாரும் செய்தால் என்ன ஆகும் என்ற முதல் பகுதிக்குத் தந்தி கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டாவதை எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. அரைப் பக்கத்துக்குள் அடங்கவும் இல்லை. நான்தான் பென்சிலால் அடித்தேன். இத்தனை வாதத்திலும் அந்தக் கல்யாணப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மூன்று தடிமாடுகளில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

அறவியல் பரீட்சை அன்று வெள்ளனே எழுந்து மாடியில் உட்கார்ந்து நாலு வரிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பங்குனி வெயில் காலையிலேயே ஓட்டில் இறங்கியிருந்தது. கீழே ஆயக்குடிக்காரன் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆனால் யாரும் மேலே வரவில்லை. அரவம் குறைந்த பேச்சு மட்டும் கேட்டது. பரீட்சை பயத்தில் கிசுகிசுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் வீட்டுத் தந்தி எதுவானாலும் அந்தக் கடை விலாசத்துக்குத்தான் வரும். அம்மாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்படு என்று வந்திருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துப் படித்தவன் கடைக்காரர் மகன். அவனுடைய அத்தா திண்டுக்கல் சந்தைக்குப் போயிருந்தார். இரண்டு பேரும் பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, பாவிகள், என்னுடைய நாலு வரியை வைத்தே பேசியிருக்கிறார்கள்.

கேட்டால் நம்பமாட்டீர்கள், மறைக்கச் சொன்னவன் கடமைக்காரன். "மூணு மணி நேரம்தானே. எழுதிட்டு வந்ததும் குடுப்போம். ஒரு வருசப் படிப்புலே அவனுக்கு" என்று சொல்லித் தந்தியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சொல்லும்போதே அழுதானாம். பயன்வாதக்காரனுக்குத் தராசு ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. காலை பஸ்ஸை விட்டால் வத்தலக்குண்டு சுற்றிக் கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் பூம்பாறைக்குக் கடைசி பஸ் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். பூண்டு வண்டிக்குக் காத்திருந்து பழகியவன் அல்லவா.

ஆயக்குடிக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, மூன்று பேருமாகக் கல்லூரிக்கு நடந்தோம். நான்தான் வழியெல்லாம் தொணதொணத்தேன். உள்ளுணர்வுக் கொள்கை எங்கே இடறும் என்று கேட்டேன். "என்னலே, ரெண்டு பேருக்கும் நாக்கு ஒட்டிக்கிச்சா?" என்று கேலி வேறு செய்தேன்.

முதல் மணி அடித்தது. வாசல் வேப்பமரத்தடியில் கடைக்காரர் மகன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். ஆயக்குடிக்காரன் "வேணாம்லே" என்றான்.

"ஒனக்கு ஒரு தந்தி வந்துருக்குலே," என்றான் கடைக்காரர் மகன். "இப்பப் படிக்கியா, எழுதிட்டு வந்து படிக்கியா? நீயே சொல்லு. எங்களுக்குத் தெரியல."

எனக்கு வந்த கோபம்! எங்கள் பக்கம் தந்தி என்றாலே பாதி வீடு அழ ஆரம்பித்துவிடும். தந்தி வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, இப்போதா அப்போதா என்று ஒருத்தன் கேட்பானா? "அறிவிருக்காலே ஒனக்கு?" என்று கத்தினேன். ஆயக்குடிக்காரன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான். அதிலிருந்து தந்தியைப் பிடுங்கியபோது சட்டைப் பொத்தானும் சேர்ந்து வந்தது. படித்தேன். என்ன முடிவெடுத்தேன் என்று கேட்டால், நான் எதையும் எடுக்கவில்லை. கால் தானாகத் திரும்பிவிட்டது. நாலு வரியில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

கடைக்காரர் மகன் சைக்கிளைப் பிடுங்கி என்னைப் பின்னால் ஏற்றினான். "நீ போய் எழுதுலே, மணி அடிச்சுருச்சு" என்றேன். "அரை மணி வரைக்கும் உள்ள விடுவாங்க. வாயப் பொத்திக்கிட்டு ஒக்காரு" என்று அவன் மிதித்த மிதியில் பஸ் நிலையம் வந்துவிட்டது. நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் என்னைத் தள்ளினான். மூச்சு வாங்க நின்று கையை ஆட்டினான். அவன் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு அவன் பரீட்சைக் கூடத்துக்குள் நுழைய இன்னும் சற்றுத் தாமதமாகியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

கொடைக்கானலில் கடைசி பஸ் கிடைத்தது. இருட்டும் நேரத்துக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது. அடுத்த நொடியே முகம் சுருங்கியது.

"இன்னைக்குப் பரீச்சைன்னியே, என்னாச்சு?"

"தள்ளி வச்சுட்டாங்கம்மா," என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா. அடுத்த வாரம்னு போர்டுல எழுதிப் போட்டுட்டாங்க."

அம்மா என் கையை எடுத்துத் தன் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டாள். "அதானே பார்த்தேன். பரீச்சைய விட்டுட்டு ஓடியாற ஆளா நீயி," என்றாள். "அங்க யாருடா ஒனக்குச் சொன்னது?"

"பாய் கடைப் பையன்."

"நல்ல பிள்ளை," என்றாள். பிறகு அதிகம் பேசவில்லை. விடியும்முன் போய்விட்டாள். போகும்போது கை என் கையில்தான் இருந்தது. கடைக்காரர் மகன் என்னைக் கேட்டிராவிட்டால் அந்த ராத்திரி நான் பழனியில், நன்றாக எழுதிவிட்டோம் என்ற திருப்தியில் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்திருப்பேன்.

பழனிக்குத் திரும்பியபோது ஆயக்குடிக்காரன் என் முன்னால் வரவே கூசினான். நான்தான் தேடிப்போனேன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனும் என் நல்லதைத்தான் நினைத்தான். கல்யாணப் பெண்ணைக் கேட்காமல் அவளுக்கு நல்லது செய்வது எப்படி என்று வருஷம் முழுக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது என் நாலு வரிதானே. "சட்டப் பொத்தானுக்கு என்னலே வழி?" என்று கேட்டேன். அவன் என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

விட்டுப்போன பரீட்சையைச் செப்டம்பரில் நான் மட்டும் தனியாக எழுதப் போனேன். பத்துக் கேள்வியில் எட்டுக்கு விடை எழுதினால் போதும். கடமைக் கொள்கையைத் தக்க உதாரணத்துடன் விளக்குக என்று வந்திருந்தது. தந்தியை எழுதினேன். பென்சிலால் அடித்த இரண்டாவது பகுதியையும் எழுதினேன். தந்தி பெண் வீட்டுக்கு வந்தது, ஆகவே படிப்பதும் பொறுப்பதும் அவர்கள் முடிவு, சேவகனுடையது அல்ல என்று எழுதினேன். அரைப் பக்கம் தாண்டி முக்கால் பக்கம் ஆயிற்று. ஆகட்டும் என்று விட்டேன்.

கடைசிக் கேள்வி: பொய் சொல்வது எந்த நிலையிலேனும் நியாயமாகுமா? கொள்கைகளை ஒப்பிட்டு எழுதுக. எனக்கு எல்லாம் மனப்பாடம். பயன்வாதம் ஆம் என்னும், கடமை இல்லை என்னும், பண்புக் கொள்கை நழுவும். கேள்வி எண்ணைப் போட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். அம்மாவின் கன்னத்துச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. எட்டுக் கேள்வி ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. போட்ட எண்ணை அடித்துவிட்டு, தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.