சூஃபியா தள்ளிவிட்ட மாத்திரை

கீழக்கரையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சூஃபியாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றை எழுதும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. ஒரு கருவியில் அறிவிப்பை விரலால் தள்ளிவிட்டால், அதே கணக்கில் உள்ள மற்ற கருவிகளிலும் அது மறைய வேண்டும். அதுதான் அவள் பொறுப்பு.

காலையிலிருந்து டேப்லெட் அடம்பிடித்தது. வாட்சில் தள்ளினால் போனில் மறைந்தது. டேப்லெட்டில் மட்டும் அப்படியே நின்றது. நாலு தடவை எழுந்து நடந்து, இரண்டு தேநீரை ஆறவிட்ட பிறகுதான் பிடிபட்டது. டேப்லெட்டில் செயலியை மறுபடி நிறுவியபோது அதற்குப் புது முகவரி கிடைத்திருக்கிறது. சர்வரோ பழைய முகவரிக்கே சேதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. திருத்தினாள்.

பன்னிரண்டரைக்கு, ‘சர்க்கரை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்’ என்று எல்லாக் கருவிகளும் ஒன்றாக ஒலித்தன. வாட்சில் தள்ளினாள். போனிலும் டேப்லெட்டிலும் துடைத்தாற்போல் மறைந்தது. குதித்தாள்.

குதித்த பிறகுதான் உறைத்தது. கடவுச்சொல் தொல்லை வேண்டாமென்று, உம்மா காலிதாவின் போனிலும் தன் கணக்கையே போட்டு, அவருடைய மாத்திரை நேரத்தையும் அதில் பதிந்து வைத்திருந்தாள். சமையலறைக்கு ஓடினாள். உம்மா பாதிச் சோற்றில் இருந்தார்.

“உம்மா, மாத்திர போட்டீங்களா?”

“போன் சத்தம் போட்டுச்சு. கை கழுவிட்டு வந்து பாத்தா ஒண்ணுமே இல்ல.”

“நான்தான் உம்மா தள்ளிவிட்டேன்.”

காலிதா நிமிர்ந்து பார்த்தார். “ஏன் புள்ள, நீ தள்ளிவிட்டா நான் முழுங்குன கணக்கா?”