இல்லை என்று சொல்லத் தெரியாத மேனேஜர்

ராமதாசுக்கு வாயில் 'இல்லை' மட்டும் வராது. திருவண்ணாமலையில் வேர்க்கடலை மண்டி ஒன்றின் மேனேஜர். லாரிக்காரனை அதட்டுவார், எடை போடுகிறவனிடம் மல்லுக்கு நிற்பார். வேலை கேட்டு வந்தவர்களை அனுப்பும்போது மட்டும், "பார்த்துட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று தேனாகப் பேசிவிடுவார். மனுஷர் நல்லவர்தான், ஆனால் அந்த நல்லதனம் யாருக்குப் பிரயோஜனம்?

எண்பத்திரண்டில் கணக்கெழுத ஆள் எடுத்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பி.காம். படித்த பச்சையம்மாள் வந்தாள். கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னாள். ஆனாலும் மண்டிக் கணக்கில் பழகிய வேணுவை மறுநாளே எடுத்துவிட்டார்கள். அவளுக்குப் போனது வழக்கமான அந்தத் தேன் பேச்சுதான்.

அதை வேலை கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை அவளே வந்து நின்றாள்.

"எப்ப வந்து சேரணுங்க சார்? போளூர் ரைஸ் மில்லுல கூப்பிடுறாங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நேர்ல வந்து சொல்லணுமாம். இது வீட்டுக்குப் பக்கம், அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ராமதாஸ் மேஜைப் பக்கம் திரும்பினார். டிராயரைத் திறந்தார், மூடினார்.

"முதலாளி வெளியூருக்குப் போயிருக்காரும்மா. வந்ததும் பேசுறேன்."

"அப்ப சரிங்க. போளூருக்குப் போகல. வீட்டுக்குப் போறேன்" என்று சந்தோஷமாகக் கிளம்பிவிட்டாள்.

அடப்பாவி மனுஷா! அந்தப் பெண்ணின் பிழைப்பையே கெடுத்தாயிற்று. ராமதாசால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனார், திரும்பினார், டீயை வாங்கி ஆறவிட்டார். வேணு ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தார். கடைசியில் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

கீழ்பென்னாத்தூர் பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அவள். பத்துப் பேர் காதுபட இதைச் சொல்வதா?

"கொஞ்சம் கீழ இறங்குங்கம்மா. அவசரம்."

இறங்கினாள். மூச்சு வாங்கியது அவருக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"இந்த வேலை உங்களுக்கு இல்லைம்மா. வேற ஒருத்தரை எடுத்துட்டோம், அவருக்கு மண்டிக் கணக்கு பழக்கம். நீங்க நல்லாத்தான் பதில் சொன்னீங்க. முன்னாடியே சொல்லாதது என் தப்பு. போளூரை விட்டுடாதீங்க."

அவள் முகம் சுண்டிப்போனது. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. திட்டப்போகிறாள் என்று நினைத்து ராமதாஸ் தலைகுனிந்து நின்றார். திட்டினால் தேவலாம் என்றுகூட இருந்தது.

"போளூர் பஸ் எங்க நிக்கும் சார்?"

அவரே கூட்டிப்போய் ஏற்றிவிட்டார். படியில் நின்று அவள் திரும்பினாள்.

"தேங்க்ஸ்ங்க சார். இதுக்கு முன்னாடி மூணு எடத்துக்குப் போனேன். அவங்கெல்லாம் இன்னும் என்னைக் காக்க வச்சிருக்காங்க."