இடது ஓரம் அமுங்கியிருக்கும்

கடலூரில் பழைய சாமான் வாங்க, விற்க ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் 'புதுசு மாதிரி' என்று வருகிற ஃபிரிட்ஜ்களைப் பார்த்தால், அந்த வீட்டில் புதுசு என்று எதையுமே பார்த்ததில்லையோ என்று தோன்றும். நான் அந்த ரகம் இல்லை என்ற திமிரில், எங்கள் சோபா செட்டுக்கு நானே விளம்பரம் எழுதினேன்.

"மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, ஒற்றை சோபா இரண்டு. ஏழு வருடப் பழசு. கைப்பிடியில் ரெக்சின் உரிந்திருக்கிறது. பெரிய சோபாவில் இடது ஓரம் அமுங்கியிருக்கும். பின்பக்கம் பூனைக் கீறல். மரச்சட்டம் கெட்டி, கரையான் இல்லை. வீடு இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. படி வளைவில் பெரியதை நிமிர்த்தித்தான் இறக்க முடியும். வண்டியும், தூக்க இரண்டு ஆட்களும் நீங்களே கொண்டுவர வேண்டும். சனிக்கிழமைக்குள் எடுக்க வேண்டும்."

உரிந்த இடத்தையும் அமுங்கிய இடத்தையும் கிட்டப் போய்ப் போட்டோ வேறு எடுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணின் சொத்தைப் பல்லை எண்ணிக் காட்டுவதுபோல இருக்கிறது என்றார்.

பதில்கள் குவிந்தன. லிப்ட் இருக்கா என்று மூன்று பேர். தேவனாம்பட்டினத்துக்கு வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கித் தருவீர்களா என்று ஒரு புண்ணியவான். மற்றவர்கள் எல்லாம் 'லாஸ்ட் பிரைஸ்?' நம் ஊரில் படிப்பறிவு இவ்வளவு வளர்ந்தும் யாரும் எதையும் படிப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் பதில் போட்டேன்.

போடாமல் என்ன செய்வது? எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல். அங்கே பிடித்திருந்த வீட்டின் கூடத்தில் இந்தச் சோபாவைப் போட்டால் நாங்கள் வாசலில்தான் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இங்கே சாவியைக் கொடுத்தாக வேண்டும். பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். உடைத்து மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மிச்சம் குப்பைக்கு என்றார். அதுவரை கிண்டலோடு நிறுத்திக்கொண்ட என் வீட்டுக்காரர், "அப்பா உக்காந்தத ஒடைக்க விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் சாத்துவார், நான் அலைய வேண்டும்.

அந்த இடது ஓரம் என் மாமனாருடையது. ரிமோட்டும் கையுமாக நான்கு வருடம் அங்கேயே இருந்தார். அவருக்கும் எனக்கும் டீ சூட்டில் தொடங்கிச் சேனல் வரை சண்டைதான். போன வருடம் ஒரு மத்தியானம் டீ கேட்டார். கொண்டுவருவதற்குள் அந்த ஓரத்திலேயே போய்விட்டார். பூனைக் கீறலைக்கூட எழுதிய நான் இதை மட்டும் எழுதவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று என் நேர்மைக்கு ஒரு சந்து விட்டு வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு பெண் டாட்டா ஏஸில் வந்தாள். இரண்டு ஆட்கள் என்று எழுதியிருந்ததில் டிரைவரோடு தன்னையும் சேர்த்து எண்ணிக்கொண்டாள் போலிருக்கிறது. ஆனால் விவரமானவள். குனிந்து சட்டத்தைத் தட்டிப் பார்த்தாள், காலை ஆட்டிப் பார்த்தாள். அவள் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம். தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, பிளாஸ்டிக் நாற்காலி வழுக்குகிறது என்றாள். பிறகு இடது ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க மட்டும் ஏன்க்கா இவ்ளோ அமுங்கியிருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்து நின்றது. பொய் ஒன்றும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் நோயாளிக்கு வாங்க வந்தவளிடம் எப்படிச் சொல்வது? உள்ளதைச் சொன்னேன். டிரைவர் சோபாமேல் வைத்திருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. போச்சு, நாளைக்கு உடைக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரொம்ப கஷ்டப்பட்டாங்களா?" என்றாள்.

"இல்லம்மா. டிவி பாத்துக்கிட்டே போய்ட்டாரு."

"எங்கப்பா மூணு மாசமா படுத்துக்கெடக்குறாரு. உக்காந்து டிவி பாத்தா போதும்னு கேக்குறாரு. அவருகிட்ட சொல்லிக்க மாட்டேன்" என்றவள், டிரைவரிடம் தூக்கச் சொன்னாள்.

தூக்க இன்னொரு ஆள் வேண்டுமே. அப்போதுதான் அறைக்கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இடது பக்கம் நின்றார். வளைவில் நிமிர்த்தும்போது மொத்த பாரமும் அவர்மேல் சாய்ந்தது. கீழ்வீட்டுப் பையன் கைகொடுக்க வந்தான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார்.

மாமனாரின் பாடையைத் தூக்கிய அன்று இவர் சிங்கப்பூரில் வேலை செய்த இடத்தில் லீவு கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு வண்டி வாசலிலேயே நின்றிருந்தும், அதைத் தாண்டித் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு நடந்தார், அந்த ஓரத்தை யாரிடமும் கொடுக்கவில்லை.