கேன் குடித்த சூடு

அழகையா தன் மகளோடு சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, நல்ல பாலில் தண்ணீர் கலந்தது.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டின் அடுப்படியில், மாலை விளக்கு வைத்த பிறகு அது நடந்தது. ரூபிகா பாலை இளஞ்சூடாக்கி இறக்கினாள். அழகையா பீலியில் ஒரு செம்புத் தண்ணீர் பிடித்து வந்தார். மலைக்குழாயிலிருந்து இரவும் பகலும் கொட்டும் தண்ணீர், கைவிரல் மரத்துப்போகும். இருவருக்கும் நடுவில் ஓர் அலுமினியப் பால்கேன் நின்றது. அது மீனம்மாவின் கேன்.

"நல்ல பால நாசமாக்குறீங்க ரெண்டு பேரும்" என்றாள் அம்மா சீதாலெட்சுமி.

"நாசமாக்கல. விசாரணை நடக்குது" என்றார் அழகையா.

அவர் இருபது வருடத்துக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் வாச்சராக நின்றவர். உள்ளே போகிறவர்களின் சோத்துப் பையையும் வெளியே வருகிறவர்களின் இடுப்பு மடிப்பையும் பார்த்துப் பார்த்து, கண் அப்படியே பழகிப்போனது. பிஸ்கட் பாக்கெட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். வானொலி மழை வரும் என்றால் வெளியே போய் வானத்தைப் பார்ப்பார். ரூபிகா பால் குளிரூட்டும் நிலையத்து ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மத்தியானம் போன் எடுத்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "அங்க மெஷின் காட்டுறது சரின்னு யாரு பாக்குறா?" என்றுதான் கேட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு, ரோட்டோரப் பால் சென்டரை அவரிடம் கொடுத்தார்கள். சுற்றியுள்ள லயங்களில் மாடு வைத்திருப்பவர்கள் காலையில் கேனோடு வரிசையில் நிற்பார்கள். அழகையா பாலின் அடர்த்தியைக் காட்டும் லெக்டோமீட்டரை விட்டுப் பார்ப்பார், அளப்பார், பால் பவுசர் லொறி வந்ததும் ஏற்றிவிடுவார். அதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்வார். புறங்கையைக் கேனின் வயிற்றில் வைத்துப் பார்ப்பார். கறந்த பால் சூடாக இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். குளிர்ந்திருந்தால் அதில் பீலித்தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

மீனம்மாவின் கேன் எப்போதும் குளிர்ந்திருந்தது.

அவள் தோட்டத்தின் மேல் பிரிவில் இருந்து வருகிறவள். புருஷன் இல்லை. இரண்டு மாடுகள்தான் வீட்டை ஓட்டின. லெக்டோமீட்டரில் அவள் பால் ஒருநாளும் தவறியதில்லை. அதுவே அழகையாவுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. தண்ணீர் ஊற்றிவிட்டுச் சீனி கரைத்தால் லெக்டோமீட்டரும் ஏமாறும் என்று அவர் எங்கோ கேட்டிருந்தார்.

ஒருநாள் பௌர்ணமிப் போயா விடுமுறை. ரூபிகா வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கு உதவியாகத் தன் வெப்பமானியோடு சென்டருக்குப் போனாள். மற்றவர்களின் பால் முப்பத்திரண்டு பாகை காட்டியது. மீனம்மாவின் பால் இருபத்து நான்கு.

"எட்டு பாகை!" என்றார் அழகையா, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி. "எட்டு பாகை எங்க போச்சு மீனம்மா? மாட்டுக்குக் குளிர் காய்ச்சலா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"என் பால்ல தண்ணி இல்லண்ணே."

"தண்ணி இல்லாம பால் எப்படிக் குளிரும்? நாளையில இருந்து இங்க கொண்டாராத."

மீனம்மா கேன் மூடியைத் திறந்து பிடித்தாள். ரூபிகா பரிசோதனைக்கு ஒரு போத்தல் பால் எடுத்துக்கொள்ளும்வரை நின்றாள். மீதியை ரோட்டோரச் சாக்கடைக் கானில் கவிழ்த்தாள். கேனை அழகையாவின் காலடியில் வைத்தாள்.

"இதையும் நீங்களே வச்சுக்கங்க. இதுலயும் தண்ணி இருக்கும்."

பிறகு மேல்பாதையில் ஏறிப் போய்விட்டாள். அந்தப் பக்கம் வேறு சென்டர் கிடையாது. வாரம் திரும்புவதற்குள் அவளுக்குத் தண்ணிக்காரி என்று பெயர் விழுந்தது. தயிர் போட்டு விற்கப் பார்த்தாளாம், வாங்க ஆளில்லையாம். ஒரு மாட்டை விற்றுவிடப் போகிறாள் என்று பேச்சு.

ரூபிகாவுக்கும் மீனம்மாமேல் சந்தேகம் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவளுக்கு அப்பாவின் புறங்கை மேலும் சந்தேகம் இருந்தது. ஆய்வுகூடத்தில் அந்தப் பாலின் கொழுப்பைப் பார்த்தாள். நூற்றுக்கு நாலு தசம் இரண்டு வீதம். நல்ல பால். பிறகு கணக்கைப் போட்டாள்.

அந்தக் கணக்கைத்தான் விளக்கு வைத்த அந்த மாலையில் அடுப்படியில் அப்பாவுக்குச் சொல்லத் தொடங்கினாள்.

"பால் முப்பத்திரண்டு. பீலித்தண்ணி பதினாறு. ரெண்டையும் கலந்தா பால் விட்ட சூட்டத் தண்ணி வாங்கிக்கும். இருபத்து நாலுல வந்து நிக்கணும்னா பால் எட்டு பாகை எறங்கணும், தண்ணி எட்டு பாகை ஏறணும்."

"சரி."

"ஒரு கிலோ தண்ணிய ஒரு பாகை ஏத்த ஆகுற சூடு, ஒரு கிலோ பாலுக்கு ஆகுறதவிடக் கொஞ்சந்தான் கூட. அப்ப ரெண்டும் எவ்வளவு எவ்வளவு இருக்கணும்?"

அழகையா யோசித்தார். "பாதிக்குப் பாதி."

"கிட்டத்தட்ட. மீனம்மாக்கா பாதிக் கேன் தண்ணி ஊத்தியிருக்கணும். ஊத்தியிருந்தா கொழுப்பும் பாதியா எறங்கியிருக்கும். எறங்கல."

"சீனி போட்டிருப்பா."

"சீனி லெக்டோமீட்டர ஏமாத்தும். கொழுப்ப ஏமாத்தாது."

"அவ மாடு கொழுப்பு மாடா இருக்கலாம்ல?"

"பாதித் தண்ணி ஊத்தியும் நாலு வீதம் நிக்கணும்னா மாடு எட்டு வீதத்துக்கு மேல கறக்கணும். அது எருமைதான் அப்பா. மீனம்மாக்கா எருமையவா ஒளிச்சு வச்சிருக்காங்க?"

சீதாலெட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழகையா சிரிக்கவில்லை.

"காகிதத்துல எல்லாம் சரியாத்தான் வரும். கலந்து காட்டு."

அதனால்தான் அந்த விசாரணை. மூலையில் கிடந்த மீனம்மாவின் கேனை அவரே எடுத்து வந்தார். அவள் கேனிலேயே செய்தால் அவளுக்கும் பேச வழியிருக்காது என்பது அவர் நியாயம். பீலியில் கழுவிக் கொண்டுவந்ததால் கேனும் தண்ணீரைப்போலவே குளிர்ந்து கிடந்தது.

ரூபிகா சட்டியிலிருந்த பாலில் வெப்பமானியை வைத்தாள். முப்பத்திரண்டு. ஒரு லீற்றர் அளந்து கேனில் ஊற்றினாள். கேனை ஒருமுறை சுழற்றிவிட்டு மறுபடி வைத்தாள். முப்பதரை.

அழகையா பாய்ந்துவிட்டார். "பாத்தியா! நான் இன்னும் தண்ணியே ஊத்தல. அதுக்குள்ள ஒன்றரை எறங்கிருச்சு. உன் குச்சி பொய் சொல்லுது."

"குச்சி பொய் சொல்லல. கேன் குளிர்ந்து இருந்துச்சு. அது கொஞ்சம் குடிச்சிருச்சு."

"என்னத்த குடிச்சுச்சு?"

"சூட்ட."

அவர் புறங்கையைக் கேனின் வயிற்றில் வைத்தார். குளிர்ந்திருந்த தகடு இப்போது வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாம" என்றார், தனக்குத்தானே.

"அரைக் கிலோ தகடுதான். அது சூடானதும் நிறுத்திரும். ஆனா அந்தக் கேன ஓடுற பீலியில நிறுத்தி வச்சா? தகடு வாங்குற சூட்டத் தண்ணி வாங்கிட்டே போயிரும். புதுத் தண்ணி வந்துட்டே இருக்கும். சூடு தண்ணிக்குப் போகும். தண்ணி பாலுக்கு வராது."

"மேல் பிரிவுல இருந்து நடந்து வர்றா" என்றார் மெதுவாக. "வர்றதுக்குள்ள கெட்டுப்போகக் கூடாதுன்னு..."

"நாங்க ஆய்வுகூடத்துல எல்லாரையும் அப்படித்தான் செய்யச் சொல்றோம். கறந்ததும் குளிர வைங்கன்னு."

"அப்ப ஏன் அவ அத சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

அவர் கேனிலிருந்து கையை எடுத்தார். ஆனாலும் விசாரணையை நடுவில் விடுகிற ஆள் இல்லை. ஒரு லீற்றர் பீலித்தண்ணீரைத் தானே கேனில் ஊற்றினார். கலக்கினார். வெப்பமானி இருபத்து மூன்றரையில் நின்றது. கணக்கில் வந்த இருபத்து நாலுக்கு அரைப் பாகை குறைவு; அது கேன் குடித்ததன் மிச்சம் என்று இந்தத் தடவை அவர் தானாகவே விளங்கிக்கொண்டார். ஒரு குவளை மொண்டு குடித்துப் பார்த்தார். முகம் கோணியது.

"இதக் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். நான் ஒருநாளாவது அவ பாலக் குடிச்சுப் பாத்தனா?"

கேனைக் கழுவித் துடைத்து, மூடியைச் சணல் கயிற்றால் கட்டினார். கதவோரம் வைத்தார்.

"நான் கொண்டுபோய்க் குடுத்துர்றேன்" என்றாள் ரூபிகா.

"வேணாம். நீ போனா, மக சொல்லி அப்பன் கேட்டான்னு ஆகும். நான்தான் வரிசையில வச்சுச் சொன்னேன். நானே கூட்டியாந்து, அதே வரிசையில வச்சுச் சொல்றேன்."

மறுநாள் விடியற்காலையில் சப்பாத்துப் போடக் கதவோரம் உட்கார்ந்தார். ஒரு காலில் போட்டிருந்தார். மற்றச் சப்பாத்து கையில் இருந்தது. சீதாலெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்தபோது, கேன்மேல் சாய்ந்தபடி இருந்தார்.

ரூபிகா முதலில் தொட்டது கையைத்தான். உடம்பின் சூடு எங்கே போகும் என்று அவள் படித்திருக்கிறாள். அன்று அந்தப் படிப்பு அவளுக்கு வேண்டாததாக இருந்தது.

அடக்கம் முடிந்தது. சென்டரைத் தற்காலிகமாகப் பிரதீபன் என்கிற பக்கத்து லயத்துப் பையனிடம் விட்டார்கள். மறுநாள் சடங்குக்குக் குழியில் ஊற்றப் பால் வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, ரூபிகா கதவோரம் இருந்த கேனை எடுத்தாள்.

"தீட்டு வீட்டுல இருந்துகிட்டு எங்க போற?" என்றாள் அம்மா.

"அப்பா வேலை ஒண்ணு இருக்கு."

மேல் பிரிவில், மாட்டுப்பட்டிக்குக் கீழே பீலி கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் வாளி கழுத்தளவு தண்ணீரில் நின்றது. வாளி மிதக்காமலிருக்க மூடிமேல் கல். உள்ளே பால். வாங்க ஆளில்லாத பாலைக்கூட மீனம்மா குளிர வைத்திருந்தாள்.

மீனம்மா பட்டியிலிருந்து வந்து பார்த்தாள். கேனைப் பார்த்தாள். ரூபிகாவின் முகத்தைப் பார்த்தாள்.

"குழிக்குப் பால் வேணும்னு வந்தியா?"

"இல்லக்கா."

"நான் வரல அடக்கத்துக்கு. வந்தா, தண்ணிக்காரி எதுக்கு வந்தான்னு கேப்பாங்க."

"அப்பா இத உங்ககிட்டக் குடுக்கணும்னு கட்டி வச்சிருந்தாரு. உங்க பால்ல தண்ணி இல்லன்னு தெரிஞ்சுகிட்டாரு."

"யாருகிட்ட சொன்னாரு?"

"என்கிட்ட. அம்மாகிட்ட."

"அடுப்படியிலயா?" மீனம்மா கேனை வாங்கி, கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அது வாச்சர் முடிச்சு, தொழிற்சாலைக் கதவுக்குப் போடுவது. அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவிழ்க்காமல் கேனைக் கீழே வைத்தாள். "அத்தன பேரு நிக்கையில சொன்ன மனுசன். இல்லன்னு சொல்றதுக்கு அடுப்படிதான் கெடச்சுதா?"

"உங்களக் கூட்டிட்டுப் போய் வரிசையில வச்சுச் சொல்றதாத்தான் இருந்தாரு."

"அத நீ சொல்ற."

ரூபிகாவிடம் அதற்கு வெப்பமானி இல்லை. "ஆமா. நான்தான் சொல்றேன்" என்றாள்.

பீலி கொட்டிக்கொண்டே இருந்தது. மீனம்மா வாளியின்மேல் இருந்த கல்லை எடுத்தாள். கேன் மூடியின் கயிற்றை அவிழ்த்தாள். பாலைக் கேனுக்கு மாற்றி, கேனைத் தொட்டியில் இறக்கினாள்.

"நாளைக்குக் காலையில பவுசர் வரும்ல?"

"வரும்."

"வரிசையில நிப்பேன். பிரதீபன் கேன்ல கைய வச்சுப் பாப்பான். எல்லாரும் பாப்பாங்க." ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "ஒங்கப்பா வந்து சொல்ல வேண்டியத யாரு சொல்றாங்கன்னு நானும் பாக்குறேன்."