போட்டோ ஒட்ட வேண்டாம்

எங்கள் நர்ஸ் ஹாஸ்டலில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நர்சிங்கில் சேருவதற்கு முன்பே ஜோகுபாளையத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் பரீட்சை பாஸ் செய்திருந்தேன். அதனால் அறுபதுகளில் எங்கள் கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரியிலிருந்து வேறு வேலைக்குப் போன எல்லோருடைய விண்ணப்பமும் என் விரல் வழியாகத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆபீஸ் மிஷினைத் தொட மேட்ரன் எனக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

எந்த இடத்துக்கு என்ன எழுத வேண்டும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். கவர்மெண்ட் வேலையென்றால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கும் பிறந்த தேதிதான் வேதம். ஒரு நாள் மாறினாலும் தொலைந்தது. ஆலை டிஸ்பென்சரிகளில் கல்யாணமாகாதவள்தான் வேண்டும் என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள். அதே கல்யாண விஷயத்தை நர்சிங் பள்ளியில் பாடம் சொல்லும் வேலைக்கு யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, பெயருக்கு முன்னால் மிஸ், மிசஸ் என்று இருந்தால் போதும். தனியார் நர்சிங் ஹோம்களுக்கும் குவைத்துக்கும் போட்டோ இல்லாமல் அனுப்புவது தபால் தலைக்குத் தண்டம்.

அந்தப் போட்டோதான் எனக்கு எமன். ஏழு வயதில் அம்மை வார்த்து என் முகமெல்லாம் குழி. ஸ்டூடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலால் தீட்டிக் குழிகளை மறைத்துக் கொடுத்தார். அந்தப் படத்தில் இருந்தது யாரோ ஒருத்தி. அதை அனுப்பி, நேரில் போய் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்து, தீட்டாத பிரதியையே ஒட்டி அனுப்பினேன்.

என் அறையில் கூட இருந்தவள் என்னைவிட ஒரு வருஷம் ஜூனியர். பக்கத்து மர்பி டவுன் பெண், சர்ச்சில் பாடுகிறவள். அவளுக்குப் பென்சில் வேலையே தேவையில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்தால் போதும், கன்னத்தில் குழி விழும். எனக்கும் கன்னத்தில் குழிதான், ஆண்டவன் செய்த கேலி.

நர்சிங் ஹோம் ஒன்றுக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம், அவளை மட்டும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். சம்பளம் பிடிக்காமல் அவளே வேண்டாமென்றுவிட்டாள். குவைத்துக்கு அனுப்பினோம், அவளுக்கு ஆர்டரே வந்தது. அவள் அப்பா "அவ்ளோ தூரம் வேணாம்மா" என்றதால் போகவில்லை. எனக்கு இரண்டிலிருந்தும் ஒரு வரி பதில்கூட இல்லை. எனக்குக் கிடைக்காததை அவள் வேண்டாமென்று தள்ளுவதைப் பார்த்து வயிறு எரிந்தது. அவள் தலை வாரும்போது நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அழகு சோறு போடுமா என்று கேட்பார்கள். போடுகிறதே, என் கண்ணெதிரே போடுகிறதே!

அப்போதுதான் ஒரு நர்சிங் பத்திரிகையில் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றின் விளம்பரம் பார்த்தேன். விண்ணப்பப் படிவம் கேட்டு எழுத உட்கார்ந்தேன். "எனக்கும் சேத்துக் கேளுங்க அக்கா, இந்த வாட்டி எங்கப்பாவ நான் சரி பண்ணிட்டேன்" என்றாள். கேட்டேன். இரண்டு படிவமும், குறிப்புகள் அச்சடித்த ஒரு தாளும் வந்தன. வெளிநாட்டிலிருந்து இந்த வருஷம் ஒருவரைத்தான் எடுக்கப் போகிறார்களாம்.

குறிப்புத் தாளை நான் நின்றபடியே மூன்று முறை படித்தேன். போட்டோ ஒட்ட வேண்டாம். மதம், பிறந்த ஊர் எழுத வேண்டாம். எங்கள் மாநிலச் சட்டப்படி இவற்றைப் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது. பிறந்த தேதியும் கல்யாண விவரமும் தேர்வான பிறகு விசாவுக்காகக் கேட்டுக்கொள்வோம்.

முகம் பார்க்காத ஓர் ஊர் இந்த உலகத்தில் இருக்கிறது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தத் தாளை மடித்து என் பைபிளுக்குள் வைத்தேன். பைபிளுக்குள் வைத்ததற்காக அன்றே வெட்கப்பட்டிருக்க வேண்டும், படவில்லை.

ஞாயிறன்று அவள் தன் சர்டிபிகேட்டுகளையும் புதிதாக எடுத்த போட்டோவையும் கொண்டு வந்தாள். "நல்லா வந்திருக்கா அக்கா? எங்க ஒட்டணும்?"

"மேல, வலது பக்கம்" என்றேன்.

நானே பசை தடவி, கோணாமல் ஒட்டினேன். அதோடு நிற்கவில்லை. மிஸ் என்று போட்டேன், பிறந்த தேதி போட்டேன், ரோமன் கத்தோலிக்கர் என்றும் அடித்தேன். என்னவெல்லாம் வேண்டாம் என்றிருந்தார்களோ அத்தனையும். சொன்ன பேச்சு கேட்காதவள் என்று குப்பையில் போடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். பிறகு அவளுடைய அனுபவம், மேட்ரன் கொடுத்த நற்சான்று எல்லாவற்றையும் மளமளவென்று அடித்து முடித்தேன். என் விண்ணப்பம் மட்டும் அவர்கள் கேட்டபடியே சுத்தமாகப் போனது.

"தேங்க்ஸ் அக்கா. நீங்க இல்லன்னா எனக்கு யாரு பண்ணித் தருவாங்க?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரே தபாலில் இரண்டு கடிதம் வந்தன. என்னுடையது மெலிதாக இருந்தது. வருந்துகிறோம் என்று தொடங்கியது, அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது? அவளுடைய கவரிலிருந்து முதலில் கீழே விழுந்தது அவள் போட்டோதான். என் பசையை ஈரம் காட்டி எடுத்திருக்கிறார்கள், பின்புறம் வெளுத்திருந்தது. கூடவே ஒரு சின்னச் சீட்டு. படத்தை அகற்றி, வயது, மதம் எழுதிய வரிகளையும் மறைத்த பிறகே உங்கள் விண்ணப்பம் தேர்வுக் குழுவிடம் போனது, படத்தைத் திருப்பி அனுப்புகிறோம், வருத்தப்பட வேண்டாம்.

அடுத்த தாளில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரண்டு வருஷ ஆபரேஷன் தியேட்டர் அனுபவத்துக்காகவும், மேட்ரனின் நற்சான்றுக்காகவும் என்று காரணமும் எழுதியிருந்தார்கள்.

தியேட்டர் டியூட்டியா? ஆமாம், நாங்களெல்லாம் காலெல்லாம் கடுக்குமென்று தட்டிக்கழித்த டியூட்டியை அவள் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அந்த வரியை நானேதான் அடித்திருந்தேன். என் விரலுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. நர்சிங் ஹோமும் குவைத்தும் இதைத்தான் பார்த்தார்களோ என்னவோ. இத்தனை நாள் அவள் முகத்தின் மேல் பழியைப் போட்டு என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். முகமே பார்க்காத ஊரும் அவளைத்தான் எடுத்தது. பொறாமைப்பட எனக்கிருந்த ஒரே நியாயமும் போயிற்று, பொறாமை மட்டும் அப்படியே இருந்தது.

அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போட்டோ வேணாம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே இவங்க. உங்களுக்கு ஏதாச்சும் எழுதியிருந்தாங்களா அக்கா?"

"இல்லடி" என்றேன்.

என் மெலிதான கவரில் போட்டோவும் இல்லை, சீட்டும் இல்லை என்பதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "சரி, வுடுங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள், ஆனால் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை.

விசாவுக்குப் போட்டோ, பிறந்த தேதி, கல்யாண விவரம் எல்லாமே தேவைப்பட்டன. அவள் வேறு யாரிடமாவது போவாள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு படிவத்தோடு வந்து, மிஷின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு வரியும் அடிக்க அடிக்க, அவள் கூடவே படித்துக்கொண்டிருந்தாள்.